குல்லா போடும் தொழில்

மே மாதம் நெருங்கினால் எங்கள் மதுரையில் இரண்டு வகை நோட்டீஸ் பெருகும். ஒன்று நீச்சல் வகுப்பு, இன்னொன்று சமையல் வகுப்பு. நீச்சல்காரர்கள் கெட்டிக்காரர்கள். நீலத் தண்ணீரைப் படமாகப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். சமையல் வகுப்பு நடத்துகிறவர்கள் தங்கள் முகத்தைத்தான் போட்டாக வேண்டும். குழம்பின் முகத்தைப் பார்த்து யாரும் பணம் கட்டுவதில்லை.

நான் கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், அச்சகம் ஒன்றில் டிசைனர். நன்றாகச் சமைக்கிற யாரிடமும் சமைக்கிற போட்டோ இருக்காது என்பது இங்கே உட்கார்ந்து நான் தெரிந்துகொண்ட விஷயம். வியர்வையோடு அடுப்படியில் நிற்கிறவரைப் படம் எடுக்க வீட்டில் யாருக்கு நேரம்? சாப்பிடவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும். ஆக, நோட்டீஸுக்கு வந்து சேர்வதெல்லாம் விசேஷ வீட்டுப் போட்டோ. காதுகுத்து, கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம். பட்டு, பூ, நகை, பின்னால் பந்திக்கு ஓடுகிற சொந்தக்காரர்கள். இவற்றின் மேல் ஏப்ரனும் தொப்பியும் மாட்டி விடுவது என் வேலை.

அப்படித்தான் அந்த அக்கா தன் வீட்டுக்காரரோடு வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். தங்கச்சி மகள் வளைகாப்பு. அரக்குக் கலர் பட்டு, தலை நிறைய மல்லிகை, கையில் பன்னீர்ச் செம்பு. முழங்காலுக்குச் சற்று மேல்வரை தெரிகிறது. முகத்தில் நல்ல சிரிப்பு.

"இந்த போட்டோவுக்கு ஒரு ஏப்ரன் மாட்டி, தலையில செஃப் தொப்பி வச்சுக் குடுத்துருங்க தம்பி."

"புதுசாவே ஒண்ணு எடுத்துரலாமேக்கா. ஏப்ரன் கட்டிக்கிட்டு இந்த வாசல்ல நின்னீங்கன்னா அஞ்சு நிமிசம்."

"இதுலதான் நான் நல்லா இருக்கேன்."

வீட்டுக்காரர் போனைப் பார்க்காமலே தலையாட்டினார். நீண்ட காலம் குடும்பம் நடத்தியவர் என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

"ஆனா ஒண்ணு. பூ தெரியணும். வகிட்டுக் குங்குமம் தெரியணும். தாலிச் சங்கிலி தெரியணும். பட்டுப்புடவைன்னு தெரியணும்."

"அப்ப ஏப்ரன்?"

"அதுவுந்தான் தெரியணும். அதுக்குத்தான தம்பி உங்கட்ட வந்தது."

முதலாளி கல்லாவில் இருந்தபடியே, "அரை மணி நேர வேலை, சாயங்காலம் வாங்கிக்கங்க" என்றார். முதலாளிகளுக்கு எல்லா வேலையும் அரை மணி நேர வேலைதான். அது அவர்களுடைய காலக் கணக்கு, நமக்குப் பிடிபடாது.

முதலில் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்ப வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினேன். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிப்போகும். நோட்டீஸ் ஏ5 அளவு. 300 டிபிஐ கணக்கில் அதன் உயரத்துக்கு 2480 பிக்சல் வேண்டும். மூக்குத்தி அரிசி அளவுக்காவது தெரிய வேண்டாமா?

படம் வந்ததும் நான் பார்த்தது அக்காவின் முகத்தை அல்ல, மூக்கை. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. நாம் பார்க்கும்போது வலது பக்கமாக, கொஞ்சம் கீழாக விழுந்திருந்தது. கண்ணுக்குள் பெரிதாக்கிப் பார்த்தால் கருவிழியில் ஒரு வெள்ளைச் சதுரம், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில். அது மண்டபத்து ஜன்னல். ஆக வெளிச்சம் இடமிருந்து, தலைக்குச் சற்று மேலிருந்து வருகிறது. ஜன்னல் பெரியது என்பதால் நிழலின் ஓரம் வெட்டியது போல் இல்லாமல் கலங்கலாக இருக்கிறது. இனி நான் மாட்டப்போகிற ஒவ்வொரு துணியும், அதன் ஒவ்வொரு நாடாவும் இந்த ஜன்னல் சொன்னபடி நடக்க வேண்டும். ஒரே ஒரு நாடாவின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தாலும் போதும், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் "என்னமோ ஒட்டி வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுவார்.

நெட்டில் ஏப்ரன் படத்துக்குப் பஞ்சமில்லை. பின்னணி நீக்கிய படங்களாகவே கொட்டிக் கிடக்கின்றன. வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம், எழுத்து இல்லாத ஏப்ரனாக இருக்கும்வரை. ஆனால் அவை எல்லாமே சட்டை போட்டவர்களுக்காகத் தைத்தவை. சட்டைக்காரருக்கு இரண்டு தோளும் ஒன்று. புடவைக்கு அப்படி இல்லை. இடது தோளில் மடிப்பு மடிப்பாக முந்தானை, பின் குத்தி, ஒரு சிறு மேடாக உட்கார்ந்திருக்கும். வலது தோளில் ரவிக்கை மட்டும். அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கித்தான் ஏப்ரனின் கழுத்துப் பட்டை போயாக வேண்டும். மார்பில் முந்தானை குறுக்காக ஓடுகிற இடத்திலும் ஏப்ரன் துணி லேசாக எழும்பி நிற்கும். நெட்டில் கிடைத்த ஏப்ரனை வாங்கி அக்கா மேல் வைத்தால், பட்டுக்கு மேல் அட்டையை வெட்டித் தொங்கவிட்டது போல இருக்கும்.

எனவே ஏப்ரனை நாமே படம் எடுத்துவிடுவது என்று முடிவானது. பக்கத்து பேக்கரி மாஸ்டரிடம் ஏப்ரனும் தொப்பியும் இரவல் வாங்கினோம். கட்டிக்கொண்டு நிற்க ஆள்? எங்கள் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிற அண்ணன் இருக்கிறார். அக்காவுக்கும் அவருக்கும் இடுப்புச் சுற்றளவு ஏறக்குறைய ஒன்று. இதை இரண்டு பேரிடமும் நான் சொல்லவில்லை.

அண்ணனின் இடது தோளில் ஒரு துண்டை விசிறியாக மடித்துப் பின் குத்தினேன். குறுக்காக இன்னொரு துண்டு. அதன்மேல் ஏப்ரன். கையில் பன்னீர்ச் செம்புக்குப் பதில் ஒரு கரண்டி. செம்பின் ஒடுங்கிய கழுத்தைப் பிடிக்கிற பிடியும் கரண்டிக் காம்பைப் பிடிக்கிற பிடியும் ஒன்றுதான் என்பதால், அக்காவின் கையை அப்படியே வைத்துக்கொண்டு சாமானை மட்டும் மாற்றிவிடலாம். அண்ணனை வாசல் ஓரமாக, வெளிச்சம் அவருடைய வலப்பக்கம் படும்படி நிறுத்தினேன். எதிர்க் கட்டடத்தின் நிழல் சந்தில் விழுந்திருந்ததால் வெயில் நேராக அடிக்கவில்லை. மண்டபத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு அது ஒத்துவந்தது.

போனை அண்ணனின் கண் உயரத்துக்குப் பிடித்து, ஏழடி தள்ளி நின்று எடுத்தேன். தூரம் முக்கியம். கிட்டே போய் எடுத்தால் போனின் அகல லென்ஸ் வயிற்றை மட்டும் முன்னுக்குத் தள்ளிக் காட்டும். அண்ணனுக்கு அந்த உதவி தேவையில்லை. உயரம் இன்னும் முக்கியம். ஏனென்றால் அக்காவின் படத்தை எடுத்த தங்கச்சி மகனும் ஏறக்குறைய அக்கா உயரம்தான். போன் அக்காவின் கண் மட்டத்தில் இருந்திருக்கிறது. அது எப்படித் தெரியும் என்றால் பின்னால் நிற்கிற, அக்கா உயரமே உள்ளவர்களின் கண்ணெல்லாம் அக்கா கண்ணோடு ஒரே கோட்டில் வருகிறது.

இந்தக் கண் மட்டம் படுத்துகிற பாடு ஏப்ரன் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும். தொப்பியின் பட்டை நெற்றியைச் சுற்றி வருகிற ஒரு வட்டம். அது கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. மேலே இருக்கிற வட்டத்தின் முன்பகுதி நம் கண்ணுக்கு நடுவில் உயர்ந்து, இரண்டு ஓரமும் இறங்கித் தெரியும், வானவில் போல. இடுப்பு நாடாவும் ஒரு வட்டம்தான். அது கண் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. எனவே நடு இறங்கி, ஓரங்கள் ஏறித் தெரியும். ஒரே உடம்பில் மேலே ஒரு வளைவு, கீழே அதற்கு எதிர் வளைவு. மார்க்கெட்டில் வருகிற பாதி நோட்டீஸ்களில் தொப்பிப் பட்டை நேர்க்கோடாக நிற்கும், அல்லது கீழ்நோக்கி வளைந்திருக்கும். கீழ்நோக்கி வளைந்தால், மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்து எடுத்த தொப்பியை நேருக்கு நேர் நின்று எடுத்த முகத்தில் மாட்டியதாக அர்த்தம். அதுதான் தொப்பி தலையில் இல்லாமல் தலைக்கு முன்னால் காற்றில் மிதக்கிற காரணம்.

அண்ணன் தலையில் வைத்து எடுத்ததால் வளைவு தானாகவே சரியாக வந்துவிட்டது. மிச்சம் இருந்தது சாய்வு. அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரித்திருந்தார். இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு தொப்பியையும் சாய்த்தேன். அடுத்து குங்குமம். தொப்பியைப் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டு வைப்பதுதான் ஓட்டல் வழக்கம். அப்படி வைத்தால் வகிடு காணாமல் போய்விடும். பின்னுக்குத் தள்ளி வைத்தேன். முன்முடியும் வகிடும் குங்குமமும் தெரிந்தன. நளபாகத்துக்கு இது விதிமீறல்தான், குடும்ப அமைதிக்கு விதி.

உயரமான தொப்பியா, தணிந்ததா என்று ஒரு விவாதமும் நடந்தது. பிரெஞ்சு சமையல் மாஸ்டர்களின் உயரத் தொப்பியில் நூறு மடிப்பு உண்டு, நூறு விதமாக முட்டை சமைக்கத் தெரியும் என்று அதற்கு அர்த்தம் என ஒரு கதை சொல்வார்கள். வீட்டுக்காரர், "இவ முட்டையே தொட மாட்டா" என்றார். அதோடு உயரத் தொப்பி தலைப்பு எழுத்தில் போய் இடிக்கும். தணிந்த தொப்பியே நிலைத்தது.

தொப்பியை வைத்தால் மட்டும் போதாது, தலை அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பட்டை இறுக்குகிற இடத்தில் முடி அமுங்கும். அதற்குக் கீழே காதோரம் கொஞ்சம் உப்பும். லிக்விஃபை கருவியால் பட்டைக்குப் பக்கத்தில் முடியை ஒரு நூல் உள்ளே தள்ளினேன். யாரும் கவனிக்க மாட்டார்கள். செய்யாவிட்டால் கவனிப்பார்கள்.

இனி நாடா. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "முடிச்சைப் பின்னாடி போட்டதா வச்சுக்க, வேலை மிச்சம்" என்றார். பின்னால் கட்டினாலும் பக்கவாட்டில் நாடா கிளம்புகிற இடம் தெரிந்தாக வேண்டும். அதுவும் இல்லாமல் வெறும் துணி மட்டும் முன்னால் நின்றால் அது ஏப்ரன் அல்ல, திரைச்சீலை. நான் நாடாவை முதுகில் மாற்றிக் கொண்டுவந்து முன்னால் முடிச்சுப் போடுகிற கட்டை எடுத்துக்கொண்டேன். பேக்கரி மாஸ்டர்களும் அப்படித்தான் கட்டுகிறார்கள். கை துடைக்கிற துணியை அதில் செருகிக்கொள்ள வசதி.

அண்ணன் கட்டிய முடிச்சைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரிப்பன் முடிச்சுதான். நடுவில் ஒரு கட்டு, இரண்டு காது, இரண்டு வால். ஆனால் விஷயம் முடிச்சில் இல்லை, அதைச் சுற்றியுள்ள துணியில் இருக்கிறது. நாடா தைத்திருக்கிற இரண்டு பக்க மூலையிலிருந்தும் சுருக்கங்கள் விசிறியாகக் கிளம்பி வயிற்றுப் பக்கம் ஓடித் தேய்ந்து மறைகின்றன. நாடாவுக்கு மேலே துணி கொஞ்சம் உப்பி, நாடாவின் மேல் விளிம்பை எட்டிப் பார்க்கிறது. கீழே அது தளர்ந்து விரிகிறது. இந்தச் சுருக்கமெல்லாம் இழுவை சொல்கிற சாட்சி. சாட்சியை அழித்துவிட்டு முடிச்சை மட்டும் ஒட்டினால், இறுக்காத முடிச்சு துணியின் மேல் உட்கார்ந்திருக்கிற வண்ணத்துப்பூச்சியாகிவிடும். அதனால் முடிச்சைத் தனியாக வெட்டாமல் சுருக்கங்களோடு முழு ஏப்ரனையும் பென் கருவியால் வெட்டி எடுத்தேன்.

அக்காவின் இடுப்பு அண்ணனின் இடுப்பைவிடச் சற்று வலது பக்கம் ஒடிந்து நின்றது. அதற்கேற்ப ஏப்ரனை வார்ப் கட்டத்தில் இழுத்தேன். அப்படி இழுக்கும்போது துணி வளையலாம், நாடாவின் அகலம் மாறக்கூடாது. துணி உடம்பின் பேச்சைக் கேட்கும், தைத்த நாடா கேட்காது. ஒரு பக்கம் முக்கால் அங்குலமும் மறுபக்கம் ஒரு அங்குலமுமாக இருக்கிற நாடாவை எந்தத் தையல்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். எனவே நாடாவை மட்டும் தனி லேயரில் வைத்து வளைத்தேன்.

கழுத்துப் பட்டையில் இன்னொரு சங்கதி. அது மேலே போய்க் கழுத்துக்குப் பின்னால் மறைய வேண்டும். ஆனால் தோளில் முன்பக்கமாக ஒரு சரம் மல்லிகை தொங்குகிறது. பூவை அழித்தால் அக்கா என்னை அழித்துவிடுவார். பட்டைக்கு மாஸ்க் போட்டு, பூ வருகிற இடத்தில் ஒவ்வொரு மொட்டாகச் சுற்றி வரைந்து பட்டையை மறைத்தேன். தாலிச் சங்கிலி மார்புத் துணியின் மேல்விளிம்பு வரை தெரிந்து உள்ளே போனது. "சமையக்கட்டுல அப்பிடித்தானக்கா உள்ள போட்டுக்குவீங்க" என்று பிற்பாடு சொன்னதற்கு அக்கா மறுப்புச் சொல்லவில்லை.

இவ்வளவு ஆன பிறகும் படம் ஒட்டுவேலையாகத்தான் இருந்தது. நிழல் இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில் கைப்பழக்கம் எல்லோரையும் Drop Shadow பக்கம் இழுக்கும். ஒரு சொடுக்கில் நிழல். ஆனால் அந்த நிழலுக்குக் கண் கிடையாது. ஏப்ரன் எங்கே உடம்போடு ஒட்டியிருக்கிறது, எங்கே விலகி நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. எல்லா ஓரத்துக்கும் ஒரே கனத்தில் நிழல் போடும். உடம்பைத் தாண்டிப் பின்னால் நிற்கிற சுவரிலும் போடும். அப்போது அக்காவே சுவரில் ஒட்டிய படமாகிவிடுவார். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. அந்த நிழலை Create Layer கொடுத்துத் தனி லேயராகப் பிரித்துக்கொண்டால், வேண்டாத இடத்தை மாஸ்க்கில் அழிக்கலாம், வேண்டிய இடத்தில் வளைக்கலாம். நான் கையாலேயே போட்டேன். Multiply முறையில் இரண்டு லேயர்.

முதல் லேயர் ஒட்டு நிழல். துணி உடம்பைத் தொடுகிற இடத்தில் மயிரிழை போல ஒரு கருப்பு. இரண்டு மூன்று பிக்சல் மங்கல் போதும், ஆனால் அழுத்தமாக இருக்க வேண்டும். தொப்பிப் பட்டைக்குக் கீழே முடியில், கழுத்துப் பட்டைக்கு அடியில், நாடா துணியை அழுத்துகிற கோட்டில். இந்த மெல்லிய கோடுதான் சாமான் மிதக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது லேயர் விழு நிழல். வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் அகலமாக, பதினைந்து பிக்சல் மங்கலில், பாதிக்கும் குறைவான அழுத்தத்தில்.

முடிச்சில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் வைத்துக் காட்டலாம். வால் இரண்டும் துணியோடு படிந்து தொங்குகின்றன. அவற்றின் நிழல் வாலை விட்டுப் பிரியாமல் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காது இரண்டும் துணியைவிட்டு எழும்பி நிற்கின்றன. அவற்றின் நிழல் கொஞ்சம் தள்ளி, வலது கீழாக, மங்கலாக விழும். காதுக்கும் அதன் நிழலுக்கும் நடுவில் ஒரு கீற்று வெள்ளைத் துணி தெரியும். அந்தக் கீற்று தெரிந்தால்தான் காது எழும்பி நிற்கிறது என்று கண் நம்பும். அண்ணன் படத்தில் அது இயல்பாகவே இருந்தது. நாடாவைத் தனியாக வளைத்தபோது கலைந்துபோனதை மட்டும் திரும்பப் போட்டேன்.

நிழலுக்குக் கருப்பு நிறம் எடுப்பது என்னால் ஏற்க முடியாத பழக்கம். நெற்றியில் கருப்பு நிழல் விழுந்தால் அச்சில் கரி பூசியது போல வரும். நிழல் எதன் மேல் விழுகிறதோ அதன் நிறத்திலேயே இருட்டானதை எடுக்க வேண்டும். தோலில் செம்பழுப்பு, பட்டில் கருத்த அரக்கு. இரண்டுமே படத்திலேயே இருக்கின்றன. தாடைக்கு அடியில் ஒன்று, முந்தானை மடிப்புக்குள் ஒன்று.

இன்னொன்றை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஏப்ரன் அக்காவின் மேல் நிழல் போடுகிறது, சரி. அக்கா ஏப்ரன் மேல் போட வேண்டிய நிழல்? தாடையின் நிழல் கழுத்தில் விழுந்து, பழைய படத்தில் ரவிக்கை வரை இறங்கியிருந்தது. இப்போது அங்கே கழுத்துப் பட்டை வந்துவிட்டது. பட்டை மட்டும் அந்த நிழலுக்குள் பளீரென்று வெள்ளையாக நின்றால், நிழல் அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியதாக ஆகிவிடும். அதேபோல் கரண்டி பிடித்த கை வயிற்றுக்கு முன்னால் இருக்கிறது. அதன் நிழல் ஏப்ரனில் விழுந்தாக வேண்டும். மல்லிகைச் சரத்தின் நிழல் பட்டையில். முந்தானை மேடு தூக்கிப் பிடிக்கிற இடத்தில் பட்டைக்கு அடியில் ஒரு சின்ன இருட்டு. கடன் கொடுத்தால் வாங்கவும் வேண்டும். இந்த வரவு நிழல்களைப் போட்டதும் அக்கா ஏப்ரனுக்குள் வந்துவிட்டார். அதுவரை பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளை நிறம் கடைசித் தலைவலி. சந்து வெளிச்சத்தில் எடுத்த ஏப்ரன் லேசாக நீலமோடியிருந்தது. மண்டபமோ மஞ்சள் பூத்த வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் வெள்ளை எப்படி இருக்கும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அக்கா பிடிவாதமாகக் காப்பாற்றிய மல்லிகைதான் கைகொடுத்தது. பூவின் வெளிச்சப் பக்கத்தில் கர்சரை வைத்தால் சிவப்பு 240, பச்சை 231, நீலம் 208 என்று காட்டியது. ஏப்ரனிலோ நீலம்தான் மூன்றிலும் உயர்ந்திருந்தது. ஆனால் மல்லிகை மொட்டு சுத்த வெள்ளை கிடையாது, அடியில் ஒரு பச்சைச் சாயல் உண்டு. இன்னொரு சாட்சி தேடினேன். பின்னால் பந்திக்கு விரைகிற ஒரு பெரியவரின் வேட்டி அகப்பட்டது. அதில் யாரோ நீலத்தை அள்ளிப் போட்டு அலசியிருந்தார்கள். பூவுக்கும் வேட்டிக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்து, கர்வ்ஸில் நீலத்தை இறக்கி ஏப்ரனையும் தொப்பியையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். பெரியவருக்கு இது தெரியாது. அவரைப் பின்னணியோடு வெட்டி எறிந்தும் விட்டேன்.

வெள்ளை சும்மா இருக்கிற நிறம் இல்லை. பக்கத்தில் இருப்பதன் சாயலை வாங்கிக்கொள்ளும், தன் வெளிச்சத்தைத் திருப்பியும் கொடுக்கும். அரக்குப் பட்டை ஒட்டிய ஏப்ரன் ஓரங்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக அந்தச் சிவப்பைத் தடவினேன். மார்பில் இவ்வளவு வெள்ளைத் துணி இருந்தால் அது வெளிச்சத்தை மேலே தாடைக்கு எறியும். ஸ்டுடியோக்காரர்கள் மடியில் வெள்ளை அட்டை வைத்து எடுப்பது இதற்காகத்தான். ஆகவே தாடைக்கு அடியில் இருந்த இருட்டை ஒரு பிடி தளர்த்தினேன்.

சோதிக்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருப்பு-வெள்ளை லேயரைப் போட்டு, படத்தை இடவலமாகத் திருப்பி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். நிறம் போன பிறகு வெளிச்சப் பொய் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. கரண்டியின் பளபளப்பு மட்டும் தப்பான பக்கத்தில் இருந்தது. காம்பைத் திருப்பி வைத்தேன்.

அச்சுக்குப் போகும் முன் நிழலை எல்லாம் மறுபடி வெளுக்க வைக்க வேண்டியிருந்தது. செலவைக் குறைக்க வீட்டுக்காரர் ஆர்ட் பேப்பர் வேண்டாம், மேப்லித்தோ போதும் என்றுவிட்டார். வழவழப்புப் பூச்சு இல்லாத அந்தத் தாள் மையை உறிஞ்சும். 50 சதவீதப் புள்ளி விரிந்து 70 சதவீதம் போல நிற்கும். திரையில் கச்சிதமாக இருந்த தாடை நிழல் தாளில் தாடியாகிவிடும். எதிர்க்கோடியில் தொப்பிக்கு வேறு ஆபத்து. சுத்த வெள்ளை என்றால் அங்கே மையே விழாது, வெறும் தாள்தான். வெள்ளைப் பின்னணியில் தொப்பியின் ஓரம் கரைந்து காணாமல் போகும். அதனால் பின்னணிக்கு மஞ்சள் கொடுத்தேன், தொப்பியின் மடிப்புகளில் கொஞ்சம் சாம்பல் மிச்சம் வைத்தேன்.

அக்கா வந்து ப்ரூஃபைப் பார்த்தார். முதலில் பூ. இருக்கிறது. குங்குமம், சங்கிலி, பட்டின் ஜரிகை. இருக்கின்றன. பிறகு முகத்தை உற்றுப் பார்த்து, "முகத்துல ஏதோ பண்ணியிருக்கீங்க தம்பி, கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். ஏப்ரன் வெளிச்சத்தை எறிகிற விவரத்தை விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே, "அப்ப தெனமும் ஏப்ரன் கட்டுனா பார்லருக்குப் போக வேண்டாம்ங்கிறீங்க" என்றார். வீட்டுக்காரர் முதன்முறையாக ஆர்வத்தோடு நிமிர்ந்தார்.

நோட்டீஸ் பேப்பரோடு வைத்து வீடு வீடாகப் போனது. வகுப்பு நிறைந்து, இரண்டாவது பேட்ச்சுக்கு மறு அச்சு கேட்டு அக்கா திரும்பவும் வந்தார். கையில் புது ஏப்ரன் ஒன்று.

"தம்பி, நோட்டீஸ்ல இருக்குற முடிச்சு எப்பிடிக் கட்டுறது? வகுப்புல எல்லாரும் கேக்குறாங்க. நான் கட்டுனா காது ரெண்டும் தொங்கிப்போகுது."

உள்ளே குரல் கொடுத்தேன். மிஷின் அண்ணன் மைக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அக்காவின் இடுப்பில் கட்டிக் காட்டுவது மரியாதை இல்லை என்று, வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தி ஏப்ரனை மாட்டினார். நாடாவை முதுகில் மாற்றி, முன்னால் கொண்டுவந்து, ஓர் இழு இழுத்தார்.

"மெதுவாண்ணே," என்றார் வீட்டுக்காரர். "இப்பத்தான் சாப்ட்டு வந்துருக்கேன். இவ வகுப்புல மிஞ்சுனது பூராம் எனக்குத்தான்."